கல்மரத்துக்கு ஒரு பக்கம்

"பின்னாலிருந்து படி, தம்பி" என்றேன். திருவக்கரைக் கல்மரப் பூங்காவைச் சுற்றிவிட்டு வெளியே வந்து, சாலையோர டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவன் பக்கத்து ஊர்ப் பள்ளியில் உயிரியல் ஆசிரியன். மடியில் ஜெராக்ஸ் கட்டு ஒன்று. தை மாதம் முழுக்கப் பிள்ளைகளைப் பூங்காவுக்கு அழைத்து வருகிறார்கள். வந்தவர்கள் கல்லைத் தொட்டுப் பார்க்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள், போய்விடுகிறார்கள். எல்லார் கையிலும் ஒரு பக்கத் தாள் கொடுக்க வேண்டும், அதில் இருப்பது நிஜமான ஆய்விலிருந்து வர வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்காக எங்கோ தேடிப் பிடித்து வந்திருந்தான்.

அவன் கையில் இருந்தது சி.ஜி.கே. இராமானுஜம் எழுதிய கட்டுரை. லக்னோவில் இருக்கும் பீர்பால் சாஹ்னி நிறுவனம் வெளியிட்டுவந்த 'தி பேலியோபாட்டனிஸ்ட்' என்ற இதழில் 1950களின் நடுவில் வந்தது. தென்னாற்காடு மாவட்டத்து டெர்ஷரி காலக் கல்மரங்களில் டிப்டெரோகார்ப்பேசியே என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை பற்றியது. அவன் முதல் வரியிலிருந்து தொடங்கி மூன்று முறை படித்திருக்கிறான். மூன்று முறையும் விவரணைப் பகுதியில் மாட்டிக்கொண்டிருக்கிறான்.

அது அவன் குற்றமில்லை. இப்படிப்பட்ட கட்டுரையின் நடுப்பகுதி படிப்பதற்காக எழுதப்படுவதில்லை, சரிபார்ப்பதற்காக எழுதப்படுகிறது. நாளை இன்னொருவர் வேறொரு கல்மரத்தை வெட்டிப் பார்க்கும்போது, இதுவும் அதுவும் ஒன்றா என்று வரி வரியாக ஒப்பிட அது வேண்டும். ஆகவே முதலில் தலைப்பு. அடுத்து, இருந்தால் சுருக்கம். பிறகு நேராகக் கடைசியில் வரும் ஒப்பீடும் விவாதமும். அங்கேதான் ஆசிரியர் "இது இன்ன மரத்தோடு ஒத்துப்போகிறது, இன்னதோடு இல்லை" என்று தீர்ப்புச் சொல்வார். அதற்குப் பின் படங்கள், படங்களுக்குக் கீழே இருக்கும் குறிப்புகள். பிறகு முன்னுரைக்குத் திரும்பி, மாதிரி எந்த இடத்தில் கிடைத்தது என்று பார்க்க வேண்டும். நடுப்பகுதியைக் கடைசியில்தான் தொட வேண்டும். அப்போது தீர்ப்பு கையில் இருக்கும், நீ சாட்சியைத் தேடிப் போவாய். சாட்சியிலிருந்து தீர்ப்புக்குப் போவது அந்தத் துறைக்காரர்களுக்கு மட்டும் முடிகிற வேலை.

"சரிண்ணே, தீர்ப்பு புரிஞ்சுது. சாட்சியை எப்படிப் பிள்ளைங்களுக்குச் சொல்றது?"

அதற்கு, அந்தக் கட்டுரையில் என்ன வேலை நடந்திருக்கிறது என்பது நமக்கு முதலில் தெரிய வேண்டும். கல்மரத்தை மூன்று விதமாக வெட்டுகிறார்கள். கரும்பை நறுக்கினால் வெட்டு முகத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இல்லையா, அது குறுக்குவெட்டு. நெடுக்காகப் பிளந்தால் அதே புள்ளிகள் நார்களாக ஓடும். மரத்தில் நெடுக்காகப் பிளப்பதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று நடு மையம் வழியாக, மற்றொன்று ஓரத்தில் பலகை எடுப்பது போல. மூன்றிலும் ஒரே செல்கள் வேறு வேறு முகம் காட்டும். வெட்டிய சில்லைக் கண்ணாடித் துண்டில் ஒட்டித் தேய்த்துக்கொண்டே போவார்கள். ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு தடிமன் வரும்வரை. நாம் எழுதுகிற தாளின் தடிமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அந்த நிலையில் கல்லின் வழியே வெளிச்சம் ஊடுருவும். நுண்ணோக்கியில் வைத்தால் மரம் உயிரோடு இருந்தபோது தண்ணீர் ஏறிய குழாய்களின் வாய்கள் வரிசையாகத் தெரியும். மரம் மண்ணில் புதைந்து அழுகுவதற்குள், நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா உள்ளே போய்ச் செல் செல்லாக உறைந்ததால்தான் இது முடிகிறது.

இது தெரிந்த பிறகு விவரணைப் பகுதியில் ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம் என்றேன். கட்டுரையின் வரியையே எடுத்தால் நீளமாகப் போகும் என்பதால், அந்த நடையில் நானே ஒரு மாதிரி வரி எழுதிக் காட்டினேன். 'நாளங்கள் பெரும்பாலும் தனித்தவை, நடுத்தர அளவு முதல் பெரியவை வரை, டைலோஸ் நிறைந்தவை. செங்குத்துப் பிசின் கால்வாய்கள் நீண்ட தொடுகோட்டு வரிசைகளில். வளர்ச்சி வளையங்கள் தெளிவற்றவை.'

இதில் ஆறு செய்தி இருக்கிறது. ஆறையும் எளிமைப்படுத்த முயன்றால் பக்கம் நிரம்பிவிடும், பிள்ளைகள் கையில் ஒன்றும் மிஞ்சாது. தீர்ப்புக்கு எது ஆதாரமோ அதை மட்டும் எடுக்க வேண்டும். இங்கே பெரிய ஆதாரம் பிசின் கால்வாய்கள். டிப்டெரோகார்ப்பேசியே என்பது குங்கிலியம் தருகிற மரங்களின் குடும்பம். வீட்டில் தூபம் போடுகிற அதே குங்கிலியம். அந்த மரங்களின் கட்டைக்குள் பிசினுக்கென்றே நெடுக்காக மெல்லிய குழாய்கள் ஓடும். டிப்டெரோகார்ப்பஸ் என்ற வகையில் அவை சிதறலாகவோ குட்டை வரிசையாகவோ இருக்கும். சால மரம் இருக்கிற ஷோரியா வகையில் நீண்ட வரிசையாக, வளையம் போட்டது போல இருக்கும். டிப்டெரோகார்ப்பேசியே என்ற பெயரைச் சொன்னால் யாருக்கும் எதுவும் தோன்றாது. குங்கிலியக் குழாய் என்று சொன்னால் இந்தக் கடையில் டீ ஆற்றுகிற அக்காவுக்கும் புரியும்.

ஆனால் இங்கே ஒரு இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். பிசின் குழாய் இருந்தாலே குங்கிலியக் குடும்பம் என்று எழுதிவிடக் கூடாது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த சில மரங்களிலும் இப்படிக் குழாய்கள் உண்டு. காயம் பட்ட மரத்தில் காயத்தைச் சுற்றி வரிசையாகப் பிசின் குழாய்கள் புதிதாய் உருவாவதும் உண்டு. அதனால்தான் கட்டுரையாளர் மற்ற அடையாளங்களையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்கிறார். நாம் ஆறையும் எழுத வேண்டாம். 'பிசின் குழாய்களும் தண்ணீர்க் குழாய்களின் அமைப்பும் சேர்ந்து' என்று எழுதினால் போதும். அந்தச் 'சேர்ந்து' என்ற சொல் போனால் பக்கம் பொய்யாகிவிடும். சுருக்குவது என்றால் சொற்களைக் குறைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். எந்தச் சின்னச் சொல் மேல் மொத்த வாக்கியமும் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் கடினமான பகுதி.

அவன் ஏற்கெனவே ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தான். கொஞ்சம் தயங்கி எடுத்துக் கொடுத்தான். தலைப்பு: 'திருவக்கரையின் பழங்காடு'. முதல் பத்தி இப்படிப் போனது:

'20 கோடி ஆண்டுகளுக்கு முன் திருவக்கரையில் அடர்ந்த மழைக்காடு இருந்தது. அங்கே வளர்ந்த டிப்டெரோகார்ப்பஸ் மரங்கள் 20 கோடி ஆண்டுகளில் மெல்ல மெல்லக் கல்லாக மாறின என்று விஞ்ஞானிகள் நிரூபித்துள்ளனர்.'

நல்ல ஓட்டமான தமிழ். இரண்டே வாக்கியம். ஆனால் அதில் ஐந்து தவறு இருந்தது. ஒவ்வொன்றும் இப்படிச் சுருக்கும்போது யாருக்கும் வருகிற தவறு என்பதால் அவனோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதலாவது கோடி. பூங்காவின் பலகையில் 20 மில்லியன் ஆண்டு என்று இருக்கிறது. ஒரு மில்லியன் பத்து லட்சம். அப்படியானால் 20 மில்லியன் என்பது இரண்டு கோடி. மில்லியனுக்குப் பக்கத்தில் இருக்கிற எண்ணை அப்படியே எடுத்துக் கோடியைப் போட்டுவிடுவது அச்சிட்ட பத்திரிகைகளிலும் நடக்கிறது. எண்ணை மொழிபெயர்த்த பிறகு எதிர்த்திசையில் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

அந்த எண்ணிலேயே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அது கட்டுரையின் எண் இல்லை. கட்டுரையின் தலைப்பில் இருப்பது டெர்ஷரி காலம் என்ற சொல். ஏறக்குறைய ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரை நீளும் காலம் அது. பலகையின் எண்ணைக் கட்டுரையின் வாயில் வைத்தால், படிக்கிறவர் "இந்த ஆய்வு வயதைக் கண்டுபிடித்தது" என்று நினைப்பார். மரத்தின் குடும்பத்தைக் கண்டுபிடித்த ஆய்வு இது. இரண்டையும் எழுதலாம், ஆனால் யார் எதைச் சொன்னார்கள் என்று பிரித்து எழுத வேண்டும்.

அடுத்தது 'இத்தனை ஆண்டுகளில் மெல்ல மெல்லக் கல்லாக மாறின' என்பது. மரம் எப்போது வாழ்ந்தது என்பது ஒரு கேள்வி. கல்லாக மாற எவ்வளவு காலம் பிடித்தது என்பது வேறு கேள்வி. இரண்டு கோடி என்பது முதல் கேள்விக்கான விடை. அழுகுவதற்கு முன் சிலிக்கா உள்ளே போயிருக்க வேண்டும் என்று முன்பே பார்த்தோம். அப்படியிருக்க, வேலை தொடங்கக் கோடி ஆண்டு காத்திருக்க முடியாது.

'டிப்டெரோகார்ப்பஸ் மரங்கள்' என்பது இன்னும் நுணுக்கமான தவறு. கல்மரத்துக்குப் பெயர் வைக்கும்போது உயிரோடு இருக்கும் மரத்தின் பெயரோடு 'ஆக்சிலான்' என்ற வால் சேர்ப்பார்கள். ஷோரியாக்சிலான் என்றால் 'ஷோரியாவை ஒத்த கட்டை' என்று பொருள். இது ஷோரியா மரமே என்று பொருளில்லை. கையில் இருப்பது கட்டை மட்டும். இலை, பூ, காய் எதுவும் இல்லை. அதனால் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவை மட்டும் அந்தப் பெயரே சொல்கிறது. ஒரு வாலில் இவ்வளவு நேர்மை இருக்கிறது. நாம் அதை நறுக்கி எறிந்துவிட்டு 'இந்த மரம்தான்' என்று எழுதினால், கட்டுரையாளர் கவனமாக விட்ட இடைவெளியை நாம் மூடிவிடுகிறோம். தமிழில் 'இன்றைய குங்கிலிய மரங்களை ஒத்த' என்று எழுதினால் அந்த வால் திரும்ப வந்துவிடும்.

மிச்சம் இருப்பது 'திருவக்கரையில் அடர்ந்த மழைக்காடு இருந்தது' என்பது. அவனுக்கு மிகவும் பிடித்திருந்த வரி. அதை எடுக்கச் சொன்னபோது முகம் வாடிவிட்டது.

"இவ்வளவு பெரிய மரம் கிடக்குதேண்ணே. காடு இல்லாம எப்படி?"

காடு எங்கேயோ இருந்தது. இங்கே இருந்ததா என்பதுதான் கேள்வி. சற்று முன்புதான் உள்ளே பார்த்துவிட்டு வந்தோம். மணலிலும் சரளையிலும் பாதி புதைந்து, மரங்கள் படுத்துக் கிடக்கின்றன. பட்டை இல்லை, கிளை இல்லை, வேர் இல்லை. ஒன்றுகூட நின்ற நிலையில் வேரோடு இல்லை. அங்கேயே முளைத்து அங்கேயே சாய்ந்திருந்தால் வேர் மண்ணோடு இருந்திருக்க வேண்டும். அதனால் இவை வேறெங்கோ வளர்ந்து, வெள்ளத்தில் உருண்டு, கிளையும் பட்டையும் உரிந்து, இங்கே வந்து மணலில் புதைந்தவை என்று புவியியலாளர்கள் சொல்கிறார்கள். ஆற்று வெள்ளம் வடிந்த பிறகு திட்டில் கட்டைகள் கிடப்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

'மழைக்காடு' என்பதிலும் அவசரம் இருக்கிறது. இந்தக் குடும்பத்து மரங்கள் இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் நிறைய வளர்கின்றன, உண்மை. ஆனால் ஷோரியாவில் ஓர் இனம் கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் உலர்ந்த காடுகளிலும் நிற்கிறது. குடும்பப் பெயரை மட்டும் வைத்து மழை அளவைச் சொல்லிவிட முடியாது. கட்டுரையாளர் விவாதப் பகுதியில் தட்பவெப்பம் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால், அவர் எந்த உறுதியோடு சொன்னாரோ அதே உறுதியோடு எடுத்துக்கொள்ள வேண்டும். 'இருந்திருக்கலாம்' என்றால் 'இருந்திருக்கலாம்'. நாம் எழுதும்போது 'லாம்' உதிர்வது கண்ணுக்கே தெரியாது. எழுதி முடித்த பிறகு கட்டுரையையும் பக்கத்தையும் அருகருகே வைத்து வினைச்சொற்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 'நிரூபித்துள்ளனர்' என்று அவன் எழுதியிருந்த இடத்தில் கட்டுரையில் இருந்தது 'நெருங்கி ஒத்திருக்கிறது' என்பதுதான்.

இந்த விஷயத்தில் மருத்துவத் துறை வெகுதூரம் முன்னே போயிருக்கிறது. மருத்துவ ஆய்வுகளை அலசித் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு, தன் தொகுப்புகளோடு எளிய மொழிச் சுருக்கம் ஒன்றையும் வெளியிடுகிறது. என்ன கண்டோம் என்பதோடு, அந்தச் சான்று எவ்வளவு நம்பத்தக்கது, அதன் குறை என்ன என்பதையும் அந்தச் சுருக்கத்துக்குள்ளேயே சொல்லிவிடுகிறார்கள். மருந்து விஷயத்தில் உறுதியைக் கூட்டிச் சொன்னால் உயிருக்கு ஆபத்து. கல்மரத்தில் அப்படி இல்லை. ஆனால் ஒரு பிள்ளை முதன்முதலாகத் தொடுகிற அறிவியல் தாள் இது. 'நமக்குத் தெரிந்தது இவ்வளவு' என்ற வரியை அதில் அது பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியிருந்தது. கட்டுரைத் தலைப்பு தென்னாற்காடு மாவட்டம் என்கிறது. அந்த நாளில் அது இன்றைய கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மூன்றும் சேர்ந்த பெரிய மாவட்டம். விழுப்புரம் தனியாகப் பிரிந்தது 1993இல்தான். மாவட்டம் முழுவதற்கும் பொதுவாக எழுதிய ஆய்வை, திருவக்கரையில் நாம் தொட்டுப் பார்த்த இந்தக் கட்டையைப் பற்றிய ஆய்வு என்று எழுதிவிடக் கூடாது. மாதிரி கிடைத்த இடம் கட்டுரையில் எங்கே சொல்லப்பட்டிருக்கிறதோ அந்த வரியைப் பென்சிலால் கோடிட்டுக்கொள், பக்கத்தில் இடப்பெயர் வரும்போதெல்லாம் அந்த வரியோடு பொருத்திப் பார் என்றேன்.

இரண்டாவது டீ வந்தது. கட்டுரையை மூடி பெஞ்சுக்கு அடியில் வைக்கச் சொன்னேன். தாளைப் பார்த்து எழுதினால் தாளின் சொற்களே வரும். பார்க்காமல் சொன்னால் நம் சொல் வரும். அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பிறகு கட்டுரையை எடுத்து, பெயரும் எண்ணும் வினைச்சொல்லும் சரியா என்று பார்த்துத் திருத்தினோம். வந்தது இது:

'திருவக்கரையின் குங்கிலிய மரங்கள்

பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் கிடைக்கும் கல்மரங்கள் எந்த மரங்களாக இருந்தன? சி.ஜி.கே. இராமானுஜம் என்ற தாவரவியலாளர் 1950களில் அவற்றில் சிலவற்றை வெட்டி, தாளைவிட மெல்லியதாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் பார்த்தார்.

உள்ளே பிசின் ஓடிய மெல்லிய குழாய்கள் தெரிந்தன. இந்தக் குழாய்களும் தண்ணீர் ஏறிய குழாய்களின் அமைப்பும் சேர்ந்து, இன்று குங்கிலியம் தருகிற மரங்களின் குடும்பத்தோடு நெருங்கி ஒத்திருக்கின்றன. எனவே அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மரங்கள் என்று அவர் முடிவு செய்தார்.

மரம் எப்படி இவ்வளவு நன்றாகப் பாதுகாக்கப்பட்டது? மணலில் புதைந்த மரம் அழுகுவதற்கு முன், நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா உள்ளே புகுந்து கல்லாக உறைந்தது. இந்த மரங்கள் வாழ்ந்தது ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் என்று பூங்காப் பலகை சொல்கிறது.

தெரியாதது: கட்டை மட்டுமே கிடைத்திருக்கிறது, இலையோ பூவோ இல்லை. அதனால் இன்றைய எந்த மரத்தின் நேரான மூதாதை என்று சொல்ல முடியாது. பூங்காவில் கிடக்கும் மரங்களுக்கு வேரும் கிளையும் இல்லாததால், அவை வேறு இடத்தில் வளர்ந்து வெள்ளத்தில் வந்தவை என்று கருதுகிறார்கள்.'

ஒரு தாளில் முக்கால் பங்குதான் ஆனது. மிச்ச இடத்தில் குறுக்குவெட்டுப் படம் ஒன்றை வரைந்து, பிசின் குழாய் வரிசைக்கு ஓர் அம்புக்குறி போடலாம் என்று அவனே சொன்னான். நல்ல யோசனை. வார்த்தையில் மூன்று வரி பிடிக்கிற விஷயத்தைப் படம் ஓர் அம்பில் காட்டிவிடும்.

எழுதி முடித்தவுடன் அவன் "புரியுதாக்கா?" என்று கடை அக்காவிடம் கேட்கப் போனான். அப்படிக் கேட்காதே என்று தடுத்தேன். கேட்டால் யாரும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். படித்துக் காட்டு, பிறகு வீட்டில் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்வீங்க என்று மட்டும் கேள். அதில்தான் எது போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்று தெரியும்.

அவன் படித்தான். அக்கா பாலைக் கிளறிக்கொண்டே கேட்டார். இந்த ஊரில் சின்ன வயதிலிருந்தே கல்மரத்தை வக்கிராசுரனின் எலும்பு என்று கேட்டு வளர்ந்தவர் அவர். முடிந்ததும் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"முன்ன ஒரு காலத்துல நம்ம ஊர்ல குங்கிலியக் காடு இருந்துச்சாம். அந்த மரம் மண்ணுல பொதைஞ்சு தண்ணி ஊறிக் கல்லாப் போச்சாம். உள்ள பிசின் குழா இருக்கிறத வச்சு ஒரு சார் கண்டுபுடிச்சாராம்."

பிசின் குழாய் போய்ச் சேர்ந்துவிட்டது. தண்ணீர் ஊறியது சேர்ந்துவிட்டது. அழுகுவதற்கு முன் என்பது மட்டும் லேசாக நழுவியிருக்கிறது. ஆனால் நாங்கள் அவ்வளவு பாடுபட்டு வெளியே தள்ளிய காடு திரும்ப உள்ளே வந்துவிட்டது.

அவன் தாளைப் பார்த்தான், நானும் பார்த்தேன். பக்கத்துக்குள் எங்கும் நம் ஊரில் காடு இருந்தது என்று இல்லை. இருந்தது தலைப்பில். 'திருவக்கரையின் குங்கிலிய மரங்கள்'. அந்த 'இன்' ஒன்றே மரத்தை இந்த மண்ணில் நட்டுவிட்டது. அதற்குப் பின் கடைசிப் பத்தியில் வருகிற மறுப்பு காதில் ஏறவில்லை. ஒருவர் தலைப்பைக் கேட்டவுடன் ஒரு படம் மனசில் வரைந்துகொள்கிறார். மற்ற வரிகளெல்லாம் அந்தப் படத்துக்குள்தான் போய் உட்காருகின்றன. உறுதியின்மையைக் கடைசிப் பத்தியில் வைத்த எங்கள் வரிசையும் தவறு.

அவன் பென்சிலை எடுத்துத் தலைப்பை அடித்தான். கொஞ்ச நேரம் எதுவும் எழுதவில்லை. பிறகு 'திருவக்கரைக்கு வந்து சேர்ந்த குங்கிலிய மரங்கள்?' என்று எழுதினான். நான் ஒன்றும் சொல்லாமல் முன்னுரையில் கோடிட்ட வரியைக் காட்டினேன். அங்கே இருந்தது மாவட்டத்தின் பெயர்தானே. அதையும் அடித்துவிட்டு 'வெள்ளத்தில் வந்த கல்மரங்கள்: தென்னாற்காட்டுக் கட்டைக்குள் குங்கிலியக் குழாய்கள்' என்று போட்டான். நீளம்தான், ஆனாலும் பரவாயில்லை. வேர் இல்லை, கிளை இல்லை என்ற வாக்கியத்தைக் கடைசியிலிருந்து தூக்கி முதல் பத்தியில் வைத்தான். 'பூங்காவில் கிடக்கும்' என்ற சொல்லோடுதான் வைத்தான்.

மறுபடி படித்துக் காட்டினான். இந்த முறை அக்கா கிளறுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

"அப்ப எங்கேருந்துப்பா அடிச்சுக்கிட்டு வந்துச்சு?"

அவன் தாளைத் திருப்பிப் பார்த்தான். அதில் பதில் இல்லை. பெஞ்சுக்கு அடியிலிருந்து கட்டுரையை எடுத்தான்.